பெயர் வெட்டுவது கடைசியில்

ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியின் அலுவலகத்தில் பல வருஷம் தலைமை எழுத்தராக இருந்தேன். எண்பதுகளில் ஒரு மழைக்காலத்தில், பள்ளியை நடத்திய அறக்கட்டளையின் சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் என்னென்ன தாள் கொண்டுவர வேண்டும், எதை எப்போது தர வேண்டும், எதில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு வக்கீல் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதித் தள்ளியிருந்தார். இரண்டு பக்கம் படித்ததும் கொட்டாவி வந்தது. நாலாவது பக்கத்தில் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஆவணம் எதையும் ஒரே இடத்தில் சொல்லவில்லை. என்ன சான்றிதழ் என்று முன்பகுதியில் ஒரு பத்தி சொல்லும். அதை எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பது எங்கோ பின்னால் ஓர் அட்டவணையில் இருக்கும். யார் கையெழுத்து என்பது கடைசியில் ஒட்டிய இணைப்பில் இருக்கும். மூன்று விரலை மூன்று பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டால்தான் ஒரு வரி புரியும். வேலைக்குச் சேருகிறவர்களில் பாதிப் பேர் சமையலுக்கும் தோட்டத்துக்கும் விடுதிக்கும் வருகிற மலைக்காரர்கள். அவர்களிடம் இதைக் கொடுத்தால் அடுப்புப் பற்றவைக்கத்தான் ஆகும்.

அதற்கு முந்தின மாதம்தான் செம்மநத்தத்திலிருந்து இரவுக் காவலுக்கு வந்த ஒருவர் உடல் தகுதிச் சான்றிதழுக்காகச் சேலம் அரசு ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை இறங்கி ஏறினார். முதல் தடவை பள்ளியின் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை கடிதம் இருந்தது, புகைப்படத்தில் பள்ளியின் முத்திரை இல்லை. மூன்றாவது தடவை எல்லாம் இருந்தது, டாக்டர் லீவு. “ஏனுங்க, வேலைக்கு வாரதா, பஸ்ஸுக்கே வாரதாங்க?” என்று அவர் என் மேஜைக்கு முன்னால் நின்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

பள்ளியில் ஆள் விஷயங்களையும் கணக்கு வழக்குகளையும் பார்த்துக்கொண்டவர் ஒரு நிர்வாகி. சேலத்தில் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்று மலை ஏறியவர். தப்பான மனிதர் இல்லை. ஆனால் அச்சில் வந்த எதற்கும் ஒரு வரிசை எண் இருந்தால், அந்த வரிசையைக் கடவுளே போட்டதாக நினைப்பார். அவரிடம் போய், “சார், இதை ஒரே தாளில் தமிழில் பட்டியலாக்கிடலாம். என்ன தாள், எதுக்குள்ள, யார் கையெழுத்து. ஒவ்வொண்ணுக்கும் மூணே கட்டம்” என்றேன்.

“தாராளமாப் பண்ணும்மா. ஆனா விதி எண் வரிசை மாறக் கூடாது” என்றார்.

வீட்டுக்கு எடுத்துப்போய் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்தேன். முதலில் ஆவணம் முழுவதையும் படித்தேன். எங்கெல்லாம் ‘தர வேண்டும்’ என்று இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு. எங்கெல்லாம் ‘தரலாம்’ என்று இருக்கிறதோ அங்கே நீலம். சிவப்பில் இருந்ததை மட்டும் ஒவ்வொரு துண்டுத் தாளில் எழுதி, அதனதன் தேதியையும் கையெழுத்தையும் பின் பக்கங்களிலிருந்து தேடிச் சேர்த்தேன். ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் மூன்று விதமாகச் சொல்லியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. சான்றிதழ் நகல்களில் கெஜட்டட் அதிகாரி கையெழுத்து வேண்டும் என்றது ஒரு பக்கம். பள்ளித் தலைமையே போடலாம் என்றது இன்னொரு பக்கம். நன்னடத்தைச் சான்றை ‘உரிய நபரிடம்’ வாங்க வேண்டும் என்றிருந்தது. உரிய நபர் யார் என்று ஆவணம் முழுக்கத் தேடினாலும் இல்லை.

“நீயே ஏதாவது ஒண்ணைப் போட்டுடு” என்றார் என் கணவர். அப்படிப் போட்டால் அது வக்கீல் சொன்னதாகிவிடும், நான் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. அந்த இடங்களில் எல்லாம் ‘கேட்கணும்’ என்று எழுதிச் சென்னைக்குக் கடிதம் போட்டேன். பதில் வர ஆன நாட்களில் நிர்வாகி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “பட்டியல் என்ன ஆச்சு, முட்டை போட்டுதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வந்தது. நகல்களில் இருவரில் யார் கையெழுத்தும் செல்லும். நன்னடத்தைக்கு, கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியர் ஒன்று, உறவினர் அல்லாத அரசு அதிகாரி ஒன்று. இரண்டும் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அதற்குப் பிறகுதான் எனக்கும் நிர்வாகிக்கும் நேரடிச் சண்டை. ஆவணத்தில் முதல் விதியே, வேறு இடத்தில் வேலை பார்ப்பவர் அங்கிருந்து விடுவிப்புக் கடிதம் கொண்டுவர வேண்டும் என்பது. அதை நான் பட்டியலில், சேருவதற்கு முன் தர வேண்டியவற்றில், கடைசிக்குத் தள்ளியிருந்தேன். உடல் தகுதிச் சான்றிதழை மேலே கொண்டுவந்திருந்தேன். விடுவிப்புக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. விடுவிப்புக் கடிதம் சேரும் நாளில் கிடைக்காவிட்டால், ஒரு மாதத்துக்குள் தருவதாக உறுதிமொழி எழுதித் தரலாம், அதில் பிரின்சிபால் மேலொப்பம் போட வேண்டும் என்ற வரி. அது ஆவணத்தின் பின்பகுதி அட்டவணையில், பொடி எழுத்தில் பதுங்கியிருந்தது. நீலத்தில் கோடு போட்டதில் பட்டியலுக்கு வந்தது அது ஒன்றுதான்.

“என்னம்மா இது, தலைகீழாப் போட்டிருக்கே” என்றார் நிர்வாகி. உறுதிமொழி வரியின் மேல் பேனாவை வைத்து, “இது விதிவிலக்கு. பட்டியல்ல போட்டா எல்லாரும் இதையே பிடிச்சுத் தொங்குவாங்க. எடுத்துடு” என்றார்.

அவர் சமவெளி மனிதர். நான் எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தார். எஸ்டேட்டில் ஒருவர் வேலையை விடுவதற்குப் ‘பேர் வெட்டுறது’ என்று பெயர். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தில், எஸ்டேட் எழுத்தரான ரைட்டர் அவர் பெயரைக் கோடு போட்டு அடிப்பார். அதை நினைத்த நாளில் செய்ய மாட்டார்கள். மாதக் கடைசியில் செக்ரோல் முடிக்கும் நாளில்தான் வெட்டுவார்கள். வெட்டிய பிறகுதான் விடுவிப்புக் கடிதம். பெயர் போனால் அந்தப் பெயரில் எஸ்டேட் கொடுத்திருக்கிற லைன் வீடும் போய்விடும். இங்கே வேலை உறுதியாகும் முன்னால் அங்கே பெயரை வெட்டிக்கொண்டு, ஏதோ ஒரு தாளில் இடறி விழுந்தால், குடும்பம் தட்டுமுட்டுச் சாமானோடு ரோட்டில் நிற்கும்.

“சார், எங்க மலை ஜனங்க பட்டியலைக் கொடுத்தா மேலேயிருந்து கீழே ஒவ்வொண்ணாத்தான் செய்வாங்க. முதல் வரியில வேலையை விடுன்னு போட்டா, முதல் வேலையா வேலையை விட்டுட்டு வந்து நிப்பாங்க” என்றேன்.

“அது அவங்க தலையெழுத்து. விதி விதிதான்.”

“விதியிலதான் சார் இருக்கு இந்த வரியும். நான் என்ன எங்க வீட்டு அலமாரியிலிருந்தா எடுத்தேன்?”

குரல் உயர்ந்துவிட்டது. அடுத்த அறையிலிருந்து பிரின்சிபால் அம்மா எழுந்து வந்தார். அவர் அதிகம் பேச மாட்டார். பட்டியலை வாங்கி நின்றபடியே படித்தார். “இந்த வரி பெரிய ஆவணத்தில் இருக்கிறதா?” என்று கேட்டார். பக்கத்தைக் காட்டினேன். “இருந்தால் இதிலும் இருக்கட்டும். நான்தானே கையெழுத்துப் போடப்போகிறேன்” என்றார். வரிசை என் வரிசைப்படி. ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஆவணத்தின் விதி எண்ணைச் சின்னதாகப் போட வேண்டும், சந்தேகம் வந்தால் மூலத்தைத் திருப்பிப் பார்க்கலாம் என்றார். அது நிர்வாகிக்குக் கொஞ்சம் ஆறுதல். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஸ்டென்சிலில் கையாலேயே எழுதி உருட்டி நகல் எடுத்தோம். சேருவதற்கு முன், சேரும் நாளில், சேர்ந்து ஒரு மாதத்துக்குள் என்று மூன்று பகுதி. கடைசிப் பகுதியில் பி.எஃப். வாரிசு நியமனப் படிவம், பழைய பி.எஃப். எண் போன்றவை. அவற்றை முன்னாலேயே தேடி அலைய வேண்டாம் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தேன்.

அந்தப் பட்டியல் முதலில் போனது நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம். பிளஸ் டூ முடித்துவிட்டுக் காப்பிப் பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்தவள். சின்னப் பிள்ளைகளின் விடுதிக்கு உதவியாளராக நேர்காணலில் தேர்வாகியிருந்தாள். அப்பா இல்லை. அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டு பெயர் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. தம்பி படித்துக்கொண்டிருந்தான். லைன் வீடு அவள் ஒருத்தி பெயரில் நின்றது. பள்ளி வேலையில் விடுதிக்குப் பின்னால் ஒரு குவார்ட்டர்ஸ் உண்டு, ஆனால் சாவி சேரும் நாளில்தான். நியமன உத்தரவில் சேர வேண்டிய கடைசித் தேதி அடுத்த மாத நடுவில் விழுந்தது. அந்தத் தேதி தவறினால் தேர்வுப் பட்டியலில் அடுத்திருப்பவருக்கு வேலை போகும். நீட்டிப்புக் கேட்டாலும் அதிகபட்சம் இரண்டு வாரம்தான்.

அவள் பட்டியலை நின்ற இடத்திலேயே விரல் வைத்துப் படித்தாள். “தாசில்தார் கையெழுத்துக்கு எங்கீங்க போகோணும், இங்கயேவா?” என்று மட்டும் கேட்டாள். போய்விட்டாள். சாதிச் சான்று, நன்னடத்தை, நகல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் தானே பேனாவால் டிக் போட்டுக்கொண்டு வந்தாள். சேலத்தில் டாக்டர் மட்டும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்.

மாதக் கடைசி வந்தது. அன்று அவள் மூச்சிரைக்க அலுவலகத்துக்குள் வந்தாள்.

“அக்கா, இன்னிக்குச் செக்ரோல் முடிக்கறாங்க. ரைட்டர் பேர வெட்டிரலாமான்னு கேக்கறாருங்க. இன்னிக்கு உட்டா இனி அடுத்த மாசக் கடைசிதானாமா. அப்பறம் நீங்க சொன்ன தேதிக்குள்ள கடுதாசி கெடைக்காதுங்களே. என்ற அம்மா வெட்டிக்கச் சொல்லுது.”

“டாக்டர் சீட்டு கையில வந்துடுச்சா கண்ணு?”

“இன்னும் இல்லீங்க. எனக்கென்னங்க சீக்கு, நல்லாத்தான இருக்கறேன்.”

விடுவிப்புக்குக் கீழே இருந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். “இதைப் படிச்சியா?”

“படிச்சனுங்க. அது பெரியவீட்டுப் புள்ளைங்களுக்கு இருக்கும்னு நெனச்சுட்டேன்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் எழுதிய வரி, தமிழில், கட்டை எழுத்தில். அதைப் படித்தும் அது தனக்கில்லை என்று நினைத்திருக்கிறாள். “உனக்குத்தான்டி எழுதினது, உனக்கேதான்!” என்று கத்திவிட்டேன். டைப்பிஸ்ட் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, டாக்டர் சீட்டு வராமல் பெயரை வெட்டாதே, சேரும் நாளன்று உறுதிமொழி எழுதிக் கொடு, இங்கே சேர்ந்து சாவியை வாங்கிக்கொண்டு அந்த மாதக் கடைசியில் அங்கே வெட்டிக்கொள், கடிதம் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும் என்று விளக்கினேன். தயங்கித் தயங்கித் தலையாட்டினாள். ரைட்டர் கோபித்துக்கொண்டாராம். “பள்ளிக்கூடத்துக்காரங்க ஒரு தாள்ல எழுதுனா எங்க செக்ரோலு மாறீருமா?” என்று கேட்டாராம். ஆனால் பெயர் புத்தகத்தில் நின்றது.

சேர வேண்டிய கடைசி நாளில் காலை பஸ்ஸில் வந்தாள். நல்ல சேலை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாத் தாளும். முகம் மட்டும் சரியில்லை. உறையிலிருந்து ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்தாள். அரசு டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தன. எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிழல், சளியிலும் கிருமி இருக்கிறது, சிகிச்சை முடித்து மறுபடி பரிசோதிக்கும்வரை தற்காலிகமாகத் தகுதியில்லை என்று எழுதியிருந்தது.

நிர்வாகியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றிவிட்டு ஒரு தடவை படித்தார். இரண்டு வார நீட்டிப்பு இதற்குப் போதாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சின்னப் பிள்ளைகள் படுத்துத் தூங்குகிற விடுதி. அந்த விதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தாளை மடித்து என்னிடமே நீட்டினார். பிறகு, “அந்தப் பொண்ணு எஸ்டேட்ல பேரை வெட்டிடுச்சா?” என்று கேட்டார்.

“இல்ல சார்.”

“ஓ” என்றார். அடுத்திருப்பவருக்கு உத்தரவு அடித்துக்கொண்டு வரச் சொன்னார்.

வெளியே வந்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, பட்டியலை மடியில் விரித்து வைத்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நான் சொல்வதை முழுவதும் கேட்டாள். மாத்திரை எஸ்டேட் டிஸ்பென்சரியிலேயே தருவார்கள், தினமும் விடாமல் சாப்பிட வேண்டும், ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று எங்கப்பா நோயாளிகளிடம் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். உம் கொட்டினாள்.

“ஊடு இருக்குதுங்கக்கா. அது போதும்” என்றாள். பிறகு பட்டியலை என் பக்கம் திருப்பினாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். மறுபடி ஆள் எடுத்தா நான் வருவனுங்க. இதுல எதெது அப்பவும் செல்லும், எதெத மறுக்கா வாங்கோணும்?”

பென்சிலை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாதிச் சான்று செல்லும். மார்க் ஷீட் செல்லும். நன்னடத்தை இரண்டும் ஆறு மாதம்தான், புதிதாக வாங்க வேண்டும். உடல் தகுதி, சொல்லவே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நேராக ‘இருக்கு’, ‘வாங்கணும்’ என்று எழுதினேன். அவள் டிக் போட்டிருந்த இடங்களுக்குப் பக்கத்தில் என் எழுத்து போய்க்கொண்டே இருந்தது. உறுதிமொழி வரியில் பென்சில் நின்றது. அதற்கு அவள் வீட்டிலேயே அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாள் கொண்டுவந்திருந்தாள். அதில் பிரின்சிபால் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

“இதுங்க?”

“இதைப் புதுசா எழுதணும் கண்ணு” என்றேன்.

அந்தத் தாளை மட்டும் எடுத்து நாலாக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். “நாளைக்குக் காத்தால பெரட்டுல நிக்கோணுமுங்க, ரைட்டர் பேரக் கூப்பிடுவாரு” என்று சொல்லிவிட்டுச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

நான் உள்ளே போய், தேர்வுப் பட்டியலில் அடுத்திருந்தவளுக்கு நியமன உத்தரவு அடித்தேன். அவளும் ஒரு எஸ்டேட் பெண்தான். உத்தரவோடு பட்டியலின் நகல் ஒன்றை வைத்து, உறுதிமொழி வரிக்கு எதிரே ‘இது உனக்கும்தான்’ என்று மையில் எழுதி உறையை ஒட்டினேன்.